படிவக் கட்டத்துக்குள் அடங்காத தமிழ்

கேள்வி: ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் முடியும் படிவம் தமிழில் ஒன்றரைப் பக்கம் ஆகிறது. சுவரொட்டியிலும் ஸ்லைடிலும் இதே தொல்லை. எழுத்தளவைக் குறைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

மொழிபெயர்த்து முடித்த பிறகுதான் பக்க அமைப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. ஒரு மருத்துவமனையின் நோயாளி பதிவுப் படிவத்தில் 'எமர்ஜென்சி கான்டாக்ட்' என்று இரண்டே சொற்களில் இருந்ததை, 'அவசர நிலையில் தொடர்பு கொள்ளப்பட வேண்டிய நபர்' என்று ஆறு சொற்களாக்கிக் கொடுத்திருந்தேன். பக்கம் அமைத்தவர் 10 புள்ளி எழுத்தை 7 ஆக்கி, அகலத்தையும் நெருக்கி, அதைக் கட்டத்துக்குள் திணித்துவிட்டார். வேர்டில் வரிசையின் உயரம் `Exactly` என்று பூட்டப்பட்டிருந்ததால், அடுத்த கட்டத்தில் இருந்த 'முழு முகவரி'யின் உகரச் சுழிகள் அடியோடு வெட்டுப்பட்டு அச்சாகின. முதியவர்கள் தாளைத் தூக்கிக்கொண்டு செவிலியரிடம் விளக்கம் கேட்கப் போனார்கள்.

பழியைப் பக்கம் அமைத்தவர்மேல் போட எனக்கு மனம் வரவில்லை; ஆங்கிலத்தின் பெயர்ச்சொல் கோவையைச் செயப்பாட்டு வினையாக நீட்டியது நான்தான். மறுபதிப்பில் அந்த இடத்தில் 'அவசரத்தில் யாரை அழைப்பது?' என்று எழுதினேன். தலைப்பைக் கோட்டின் இடப்பக்கத்திலிருந்து எடுத்துக் கோட்டுக்கு மேலே வைக்கச் சொன்னேன். அதனால் தலைப்புக்கும் எழுதும் இடத்துக்கும் கட்டத்தின் முழு அகலமும் கிடைத்தது. உயரத்தை `At least` என மாற்றி, 10 புள்ளி எழுத்துக்கு 15 புள்ளி வரி இடைவெளி விட்டோம். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் இகரக் கொக்கியும் மேலே ஏறுகின்றன, உகரம் கீழே இறங்குகிறது. ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி இங்கே போதாது.

சுருக்கினால் பொருள் குன்றும் என்று சிலர் சொல்லக்கூடும். சிகிச்சைக்கான ஒப்புதல் வாசகத்தில் நான் ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. அதைப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய் முழுதாக அச்சிட்டோம். குறைத்தது தலைப்புகளை மட்டுமே.

ஸ்லைடுகளில் ஆபத்து வேறு. உரை பெட்டியைத் தாண்டினால் பவர்பாயிண்ட் தானாகவே எழுத்தைச் சிறிதாக்குவதால், ஒரு ஸ்லைடில் 24, அடுத்ததில் 17 என்று அளவு தாறுமாறாகிவிடும். `Do not Autofit` என்று வைத்தால் வழிவது கண்ணில் படும்; வழியும் ஸ்லைடை இரண்டாகப் பிரிக்கலாம். சுவரொட்டித் தலைப்பு பெரும்பாலும் வினைமுற்றால்தான் நீள்கிறது: 'முகக்கவசம் கட்டாயம் அணியப்பட வேண்டும்' என்பதைவிட 'முகக்கவசம் அணிக' தொலைவிலிருந்தும் படிக்கத் தெளிவு.

ஆங்கிலச் சொல் எண்ணிக்கைக்கே கூலி தரும் இந்தத் தொழிலில், ஆறு சொல்லை மூன்றாக்கச் செலவிடும் அரை மணி நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை என்பது வேறு விஷயம். ஆகவே இப்போதெல்லாம் வேலை தொடங்கும் முன்பே, மிக நீளமான ஐந்து தலைப்புகளை மட்டும் தமிழாக்கி அனுப்பி, அவற்றுக்கேற்பக் கட்டங்களை வரையச் சொல்லிவிடுகிறேன்.