பணம் போயிருந்தால் கொள்முதல் பில் சரியா?

கேள்வி: தணிக்கைக்காக 25 கொள்முதல் பில்களை எடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பணம் போனது தெரிகிறது. இது போதாதா?

போதாது. பணம் போனதற்குத்தான் அது சான்று, சரக்கு வந்ததற்கு அல்ல. போலி பில்லுக்கும் பணம் ஒழுங்காகத்தான் போயிருக்கும்!

அதனால் முதலில் சரக்கு வரவுச் சீட்டைப் பாருங்கள். ஒரு பில்லில் 500 பெட்டி, ஒன்று 40 வீதம் 20,000 என்று வைத்துக்கொள்வோம் (வரியை விட்டுவிடலாம்). வரவுச் சீட்டில் 460தான் இருக்கிறது, பணமோ முழுசாகப் போயிருக்கிறது. மீதி 40 பெட்டி பின்னால் வந்ததா என்று அடுத்த வரவுச் சீட்டுகளில் தேடுங்கள். இல்லையென்றால் சப்ளையரின் கிரெடிட் நோட் வேண்டும். இரண்டும் இல்லையா? 1,600 கூடுதலாகப் போயிருக்கிறது. அந்தப் பில்லுக்கு ஒப்புதல் தந்தவர் வரவுச் சீட்டைப் பார்த்தாரா என்று அப்புறம் கேளுங்கள். எனக்கு அந்தத் தொகையைவிட இதுதான் பெரிய விஷயம்.

பல பில்களுக்கு ஒரே தொகையாகப் பணம் போயிருந்தால், பில்வாரியான பட்டியலை வாங்கிக் கூட்டிப் பாருங்கள். பணம் பெற்ற கணக்கு சப்ளையருடையதுதானா என்பதையும் பாருங்கள்.

ஒன்று மட்டும்: கணக்கில் ஏறிய பில்களிலிருந்து தொடங்கினால், ஏறாமல் விட்ட கொள்முதல் சிக்காது. அதற்கு வரவுச் சீட்டிலிருந்து கணக்குக்குப் போக வேண்டும்.