குழியைக் கண்டதும் ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்புவது?

நடுத்தடத்தில் 60 கி.மீ. வேகத்தில் போகிறேன். முன்னால் குழி, வலப்பக்கக் கண்ணாடியில் மோட்டார்சைக்கிள். என்ன செய்வது? (ஈசூன் வாசகர்)

தடம் மாற வேண்டியதே இல்லை. தடத்தின் அகலம் 3.3 மீட்டர், காரின் அகலம் 1.8 மீட்டர் என்றால் இருபுறமும் முக்கால் மீட்டர் மிச்சம். பெரும்பாலான குழிகளுக்கு அரை மீட்டர் நகர்ந்தாலே போதும். சக்கரம் குழிக்கு வெளியே போய்விடும்.

60 கி.மீ. வேகத்தில் வினாடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடுகிறீர்கள். குழியை 50 மீட்டரில் பார்த்தால் கையில் இருப்பது மூன்று வினாடி. முதலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், இரு கண்ணாடிகளையும் பாருங்கள், பிரேக்கை லேசாகத் தொட்டுப் பின்னால் வருபவருக்கு விளக்கு காட்டுங்கள். பிறகு மெதுவாக நகருங்கள். சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிள்கள் தடக்கோட்டை ஒட்டியே வரும். அதனால் கோட்டைத் தொடும் அளவுக்குக் கூடப் போக வேண்டாம்.

இடமில்லை என்றால் குழியில் இறங்கித்தான் ஆக வேண்டும். நேராக வைத்துக்கொண்டு முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். விளிம்புக்குச் சற்று முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் காரின் முன்பக்கம் அமுங்கியிருக்கும். ஸ்பிரிங் மேலும் அமுங்க இடமிருக்காது. டயர், குழி விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கும். அன்றே டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். முட்டை போல் புடைத்திருந்தால் உள்ளிழைகள் அறுந்துவிட்டன. ஒட்டுப்போட்டுப் பயனில்லை, டயரை மாற்றியே ஆக வேண்டும்.

மழையில் தேங்கிய நீருக்கடியில் குழி இருப்பது எப்படித் தெரியும்? (மோட்டார்சைக்கிள் ஓட்டுநர், உட்லண்ட்ஸ்)

நீரைப் பார்த்து ஆழம் சொல்ல முடியாது. முன்னால் போகும் காரின் சக்கரத்தைப் பாருங்கள். கார் குலுங்கினால் அங்கே குழி. குலுங்காமல் போன சக்கரத்தின் தடம்தான் உங்கள் வழி. அதைப் பார்க்க நேரம் வேண்டும், ஆகவே மழையில் நான்கு வினாடி இடைவெளி விடுங்கள். தப்ப முடியாவிட்டால் வண்டியைச் சாய்க்காமல் நிமிர்த்தி, நீரில் நுழையும் முன்பே முன்பிரேக்கை விட்டு, கால்தாங்கியில் எடையை ஏற்றி இருக்கையிலிருந்து சற்றே எழும்புங்கள்.

நியோ தியூ சாலையில் லாரியின் இடச்சக்கரம் உடைந்த ஓரத்தில் இறங்கிவிட்டது. உடனே மேலே ஏற்றலாமா?

கூடாது. அந்த இருவழிச் சாலையில் அதுதான் பெரிய ஆபத்து. டயரின் பக்கம் விளிம்பில் உரசி ஏற மறுக்கும். நீங்கள் இன்னும் திருப்புவீர்கள். திடீரென ஏறியதும் திருப்பிய கோணத்திலேயே லாரி எதிர்த்தடத்துக்குப் பாயும். பின்னால் ஆட்கள் அமர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். ஸ்டீரிங்கை இறுகப் பிடித்து நேராகவே ஓடுங்கள், ஆக்சிலரேட்டரை விடுங்கள், பிரேக்கை அழுத்தாதீர்கள். வேகம் நடைவேகம் அளவுக்குக் குறைந்ததும், எதிரே யாரும் இல்லாதபோது, விளிம்பு தாழ்ந்திருக்கும் இடத்தில் மெல்ல ஏறுங்கள். பிறகு பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, இடத்தை ஒன்சர்வீஸ் செயலியில் படத்துடன் தெரிவியுங்கள்.