மின் பாதுகாப்பு நாளுக்கு நாங்கள் போட்ட கேப்ஷன்

கேள்வி: எங்களுடையது எலக்ட்ரிக்கல் பேனல் கம்பெனி. ஜூன் 26 மின் பாதுகாப்பு நாளுக்கு ஒரு போஸ்ட் போடச் சொல்கிறார் முதலாளி. "பாதுகாப்பே முதல்" மாதிரி எழுதப் பிடிக்கவில்லை. உருப்படியாக என்ன எழுதலாம்?

நானும் ஈரோட்டில் ஒரு பேனல் போர்டு கம்பெனியில்தான் இருக்கிறேன். படித்தது டிப்ளமோ எலக்ட்ரிக்கல். பில் போடுவது, சரக்கு அனுப்புவது, கம்பெனி பக்கத்தில் போஸ்ட் போடுவது எல்லாம் என் தலையில். உங்களுக்கும் டிசைனர் ஒரு படம் அனுப்பியிருப்பார்: உள்ளங்கையில் பல்பு, பின்னால் மின்னல், கீழே முதலாளி கைகூப்பிய போட்டோ. எங்களுக்கும் வருடா வருடம் அதுதான் வந்தது. ஒரு வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதைப் போட்டோம்:

"இன்று மின் பாதுகாப்பு நாள். உங்கள் வீட்டு மெயின் போர்டில் 'டெஸ்ட்' என்றோ 'டி' என்ற ஆங்கில எழுத்தோ போட்ட சின்ன பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்துவிட்டு, மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது பகல் வெளிச்சத்தில் அதை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். லீவர் கீழே விழ வேண்டும். விழுந்த பிறகு வீடு முழுக்க ஒரு சுற்று நடந்து பாருங்கள். எதுவும் ஓடக் கூடாது. லீவர் விழவில்லை என்றாலோ, விழுந்தும் ஏதாவது ஓடுகிறது என்றாலோ, போர்டைப் போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். எந்த பிராண்டாக இருந்தாலும் பரவாயில்லை. என்ன கோளாறு என்று சொல்கிறோம். வேலையை உங்கள் எலக்ட்ரீஷியனே செய்யட்டும்."

அவ்வளவுதான். விலை இல்லை, மாடல் பெயர் இல்லை. "அந்த பட்டன் இருக்கிற ஆர்சிசிபியை நீங்களே விற்கிறீர்கள், இதுவும் விளம்பரம்தானே" என்று சிலர் கேட்பார்கள். விற்கிறோம். அதனால்தான் விலையும் மாடலும் அதில் வரக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஏன் இந்த பட்டன் என்று சொல்கிறேன். லோடு அதிகமானால் விழுகிற எம்சிபி இருந்தால் போதும், ஷாக் அடிக்காது என்று நம்மூரில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி போடுவார்கள். ஒருவர் உடம்பு வழியாக அதில் நூறில் ஒரு பங்கு போனாலே உயிருக்கு ஆபத்து. ஆனால் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. அதன் வேலை வயரைக் காப்பது. ஆளைக் காப்பது பக்கத்தில் இருக்கும் ஆர்சிசிபி. பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். முகப்பில் 0.03 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தால் அது வீட்டுக்கான சரியான ரகம். சில வீடுகளில் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் போட்டிருப்பார்கள். தீப்பிடிப்பதைத் தடுக்க அது உதவும், ஆளைக் காப்பாற்ற அதை நம்ப முடியாது. டெஸ்ட் பட்டனே இல்லாத போர்டு என்றால் அந்த வீட்டில் இந்தப் பாதுகாப்பு இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வருடக் கணக்கில் யாரும் தொடாமல் விட்டால் ஆர்சிசிபி உள்ளே இருக்கும் மெக்கானிசம் தூசியிலும் துருவிலும் இறுகிவிடும். அழுத்திப் பார்ப்பது அதற்காகத்தான். ஆனால் எங்கள் கேப்ஷனில் முக்கியமான வரி "ஒரு சுற்று நடந்து பாருங்கள்" என்பது. அதை வெட்டிவிட்டால் படத்தில் எழுத்து பெரிதாகத் தெரியும் என்று டிசைனர் சொன்னார். நான் விடவில்லை. அந்த வரி எதற்கு என்பதற்கு ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன்.

மொடக்குறிச்சி பக்கம் மஞ்சள் போடுகிற ஒரு பெரியவர் அன்று மத்தியானமே போன் செய்தார். "ஏனுங் அம்மிணி, நீங்க சொன்ன மாதிரி அமுக்குனேன். டப்புன்னு விழுந்துருச்சு. ஆனா பாத்ரூம்ல ஹீட்டரு சிவப்பு லைட்டு எரிஞ்சுட்டே இருக்குதுங்களே?" என்றார்.

"இன்வெர்ட்டர் ஆஃப்ல தானுங்களே இருக்குது, ஐயா?"

"ஊட்டுல இன்வெர்ட்டரே இல்லீங்."

"அப்படின்னா யாரும் அந்த பாத்ரூமுக்குப் போக வேண்டாமுங்க. ஹீட்டரோட எம்சிபியை இப்பவே இறக்கிடுங்க" என்று சொன்னேன். போட்டோவும் அனுப்பினார். ஹீட்டர் வயர் ஆர்சிசிபிக்கு முன்னாலேயே, மெயின் சுவிட்சில் இருந்து தனியாகக் கிளம்பிப் போயிருந்தது. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. கொஞ்ச காலத்துக்கு முன்னால் ஹீட்டர் போட்டாலே ஆர்சிசிபி விழுந்துகொண்டிருந்தது. வந்து பார்த்தவர், "இது சும்மா சும்மா விழுகுதுங்க, லைனை மாத்தி விட்டுடறேன்" என்று மாற்றிவிட்டார். அதற்கப்புறம் விழவே இல்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

அது சும்மா விழவில்லை. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. ஹீட்டர் எலிமெண்டின் மேல் சுண்ணாம்பு மாதிரி படிந்து கெட்டியாகிவிடும். சூடு தண்ணீருக்குள் இறங்காமல் எலிமெண்டிலேயே நிற்கும். மேல் உறையில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கினால் டாங்குக்கும் தண்ணீருக்கும் கரண்ட் கசியும். அந்தக் கசிவைத்தான் ஆர்சிசிபி சொல்லிக்கொண்டிருந்தது. லைனை மாற்றிய பிறகு அந்த வீட்டில் மிச்சம் இருந்தது எர்த் மட்டும்தான். கோடையில் எர்த் குழி காய்ந்துபோனால் அதுவும் கை கொடுக்காது. அப்புறம் குழாயைத் தொடுகிறவர் உடம்புதான் எர்த்.

எங்கள் கம்பெனி எலக்ட்ரீஷியன் அண்ணா போய் இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்தார். 500 வோல்ட்டில் எலிமெண்டின் இன்சுலேஷன் கிட்டத்தட்ட சுழி. எலிமெண்டை மாற்றினார், சில நூறு ரூபாய்தான். ஹீட்டர் லைனைத் திரும்ப ஆர்சிசிபிக்குப் பின்னால் கொண்டுவந்தார். எர்த் குழிக்கும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பிறகு பெரியவரையே பட்டனை அழுத்தச் சொன்னார். இந்த முறை ஹீட்டர் லைட்டும் சேர்ந்து அணைந்தது.

எலக்ட்ரீஷியன் அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லாரையும் சொல்லவில்லை. ஆர்சிசிபி விழுவதற்குக் காரணம் கண்டுபிடிப்பது பொறுமையான வேலை. எம்சிபி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பது வழக்கம். ஆனால் சாதாரண ஒற்றை எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும். கோளாறு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருந்தால், எம்சிபி எல்லாம் இறங்கியிருந்தும் ஆர்சிசிபி விழலாம். ஹீட்டர், மோட்டார், கிரைண்டர் எல்லாவற்றையும் பிளக்கையே பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால்தான் குற்றவாளி மாட்டும். அதற்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குக் கூலி கொடுக்க வீட்டுக்காரர் தயாராக இருப்பதில்லை.

இதில் எனக்கு ஓர் ஆத்திரம் உண்டு, சொல்லிவிடுகிறேன். வீடு கட்டும்போது நிலவுக் கதவுக்கு ஒரு விலை, ஹால் டைல்ஸுக்கு ஒரு விலை என்று யோசிக்காமல் கொடுப்பார்கள். ஒயரிங் பில் என்று வந்தால் மட்டும் பேரம். ஒரு கட்டடக் கான்ட்ராக்டருக்கு நாங்கள் போர்டு செய்து கொடுத்தோம். கிரகப்பிரவேசம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகும் பணம் வரவில்லை. கேட்டால், "ஓனர் இன்னும் கொடுக்கலைங்க" என்றார். பெயிண்டருக்கும் கார்பெண்டருக்கும் கொடுத்தாகிவிட்டது. சுவருக்குள் போவது கண்ணுக்குத் தெரியாது என்பதால் எலக்ட்ரிக்கல்காரனுக்குக் கடைசி இடம். சரி, கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் இதே மாதிரி போடுவதாக இருந்தால் சில விஷயங்களுக்கு முன்னாலேயே தயாராக இருங்கள். இன்வெர்ட்டரை அணைக்கச் சொல்லும் வரியை விட்டுவிட்டால், "ஃபேன் ஓடுதுங்க" என்று ஊரே பயந்து போன் செய்யும். இன்வெர்ட்டர் லைன் பேட்டரியில் ஓடுகிறது, அவ்வளவுதான். த்ரீ பேஸ் வீடுகளில் மூன்று பேஸுக்கும் நியூட்ரலுக்கும் சேர்த்து நாலு போல் ஆர்சிசிபி இருக்கும். அதன் டெஸ்ட் பட்டன் குறிப்பிட்ட ஒரு பேஸில்தான் வேலை செய்யும். அந்த நேரம் பார்த்து அந்த பேஸ் இல்லாமல் போனால், நல்ல ஆர்சிசிபிகூட விழாது. அதனால் "விழவில்லை" என்று சொல்கிறவரிடம் முதலில் மூன்று பேஸும் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா பேஸும் இருந்தும் விழவில்லை என்றால் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்லாதீர்கள், பிடித்துக்கொண்டே இருக்கவும் சொல்லாதீர்கள். உள்ளே இருக்கும் சின்ன ரெசிஸ்டர் எரிந்துவிடும். விழாத ஆர்சிசிபியை மாற்றத்தான் வேண்டும்.

கமெண்டில் யாராவது "எங்க வீட்ல விழுந்துச்சு, அப்ப எர்த் நல்லா இருக்கு" என்று எழுதுவார்கள். உடனே பதில் போடுங்கள். எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். எர்த்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். அதே மாதிரி ஒருவர் ஒரு கையில் பேஸையும் இன்னொரு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிசிபி காப்பாற்றாது. போகிற கரண்ட் அப்படியே திரும்பி வருவதால் அதற்கு வித்தியாசம் தெரியாது. இதை மறைத்து எழுதினால் போஸ்ட் அழகாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும்.

எங்கள் முதலாளி இன்னொன்றும் செய்தார். கம்பெனியில் ஒரு ஆர்சிசிபி டெஸ்டர் இருக்கிறது. எத்தனை மில்லி ஆம்பியரில், எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று காட்டும். ஜூலை 2 வரைக்கும் மின் பாதுகாப்பு வாரம் என்பதால், அந்த வாரம் முழுக்க உள்ளூர் எலக்ட்ரீஷியன்கள் யார் கேட்டாலும் அதை இரவலாகக் கொடுத்தார். நம் கடையில் வாங்குகிறவரா என்று கேட்கவில்லை. உங்கள் கம்பெனியிலும் அப்படி ஒன்று இருக்கும். கேப்ஷனின் கடைசி வரியில் அதையும் எழுதுங்கள். போட்டோ வந்தால் பார்த்துப் பதில் சொல்ல விஷயம் தெரிந்த ஒருவரை அந்த வாரம் போனில் உட்கார வையுங்கள். ஆள் இல்லை என்றால் "அனுப்புங்கள்" என்று எழுதாதீர்கள். போஸ்ட் போடுவதற்கு முன்னால் உங்கள் ஆபீஸ் போர்டில் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிடுங்கள், முதலில் வருகிற கமெண்ட் "உங்க ஆபீஸ்ல பாத்தீங்களா?" என்பதாகத்தான் இருக்கும்.