சாய்ஸ் வரிசையைச் சொல்லிக் கொடுங்கள்

அன்புள்ள ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழிகாட்டல் பேச்சை இந்த வருடம் தலைமையாசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். ஒரு மணி நேரம். வாட்ஸப்பில் வந்த 150 படிப்புகளின் பட்டியல் கையில் இருக்கிறது. பேச்சை எப்படி வகுத்துக்கொள்வது? நான்கு வருடம் கழித்து எந்தப் படிப்புக்கு ‘ஸ்கோப்’ இருக்கும்? பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்று மைக் செட், டீ, பேச்சாளர் எல்லாம் தங்கள் செலவு என்கிறது. ஏற்கலாமா?

ஒரு ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பட்டியலை முதலில் தூக்கிப் போடுங்கள். தடய அறிவியல், கடல்சார் உயிரியல் என்று வாசித்துக்கொண்டே போனால் நாலாவது பெயரிலேயே பிள்ளைகள் நகத்தைக் கடிக்க ஆரம்பித்துவிடும். ஸ்கோப் ஜோசியத்தையும் விட்டுவிடுங்கள்.

எல்லாப் பிரிவுப் பிள்ளைகளையும் ஒரே ஹாலில் உட்கார வைக்கிறீர்களா? அதுதான் முதல் தப்பு. கணிதம் எடுக்காத பிள்ளைக்குப் பொறியியல் கவுன்சலிங் பற்றி அரை மணி நேரம் பேசி என்ன பயன்? வணிகவியல் பிரிவை அந்த வாத்தியாரிடமே விடுங்கள். அரசு கலைக் கல்லூரித் தரவரிசைக்கு மொழிப் பாடங்களை விட்டுவிட்டு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள், பி.ஏ. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் அந்தந்த மொழியின் மதிப்பெண் என்பதை அவர் சொல்லட்டும். சி.ஏ. பற்றிக் கேட்டால், ஃபவுண்டேஷனில் நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். பெயரை மட்டும் சொல்லி ஆசை காட்டக் கூடாது.

உங்கள் கணிதப் பிரிவுக்கு ஒரு மணி நேரம் போதும், ஆனால் அதை இரண்டாக உடையுங்கள். சான்றிதழ் பற்றி ஜனவரியில் இருபது நிமிடம், கவுன்சலிங் பற்றி ரிசல்ட் வந்த பிறகு நாற்பது நிமிடம். எல்லாவற்றையும் மே மாதத்தில் சொன்னால், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு விண்ணப்பத்தின் கடைசித் தேதியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி என்று ஜனவரியிலேயே பிள்ளைகளைக் கொண்டே எழுத வைத்துவிடுங்கள். ஏழாவது மட்டும் அத்தை ஊரில் உதவிபெறும் பள்ளியில் படித்தேன் என்று ஒன்றிரண்டு பேர் அப்போதுதான் சொல்வார்கள்.

இனி முக்கியமான விஷயம். கட் ஆஃப் கணக்கு உங்களுக்குத் தெரியும்: கணிதம் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200. கணிதம் 82, இயற்பியல் 74, வேதியியல் 78 என்றால் 82, 37, 39 சேர்ந்து 158. இதுவரை எல்லாப் பேச்சாளர்களும் சொல்லிவிடுவார்கள். ‘158க்கு என்ன கிடைக்கும்’ என்று ஒரு கை உயரும், ஏதோ நாலு கல்லூரிப் பெயர் சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைக்குத் தேவை பெயர் இல்லை, கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று எழுதும் சாய்ஸ் பட்டியலை எப்படி அடுக்குவது என்பது.

அந்த 158 மாணவியையே எடுத்துக்கொள்வோம். அவளுக்கு உள்ளூற ஆசை அரசுப் பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் ஈ. ஆனால் கிடைக்காது என்ற பயத்தில், நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றும் பக்கத்துத் தனியார் கல்லூரி மெக்கானிக்கலை முதலில் போடுகிறாள், அரசுக் கல்லூரியை நாலாவதாக. கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அவளுடைய ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து பார்க்கும். முதலில் காலியாக இருக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். நாலாவதில் இடம் காலியாகவே இருந்தாலும் அதைப் பார்க்காது. பிறகு ‘அக்செப்ட் அண்ட் அப்வேர்டு’ கொடுத்தாலும் பயனில்லை. அப்வேர்டு என்பது கிடைத்த இடத்துக்கு மேலே எழுதியிருப்பதை மட்டுமே பார்க்கும். முதல் சாய்ஸே கிடைத்தவளுக்கு மேலே என்ன இருக்கிறது?

ஆகவே வரிசை ஆசையின் வரிசை. கிடைக்குமா என்ற கணக்கு வரிசைக்கு இல்லை, பட்டியலின் நீளத்துக்கு. எட்டாத இடத்தை மேலே எழுதினால் எந்த நஷ்டமும் இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்க்கும், அவ்வளவுதான். சேர மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த கல்லூரியை எண்ணிக்கைக்காக அடியில் போடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் அதுவே வந்து சேரும். சாய்ஸ் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. பத்து எழுதிவிட்டு எதுவும் ஒதுக்கப்படவில்லை என்று அழுகிற பிள்ளைகள்தான் அதிகம். 158க்குப் போன வருடம் 172 முதல் 145 மதிப்பெண் வரை முடிந்த இடங்களைத் தேடினால் ஐம்பது அறுபதுக்குக் குறையாமல் தேறும்.

போன வருடம் எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்பதைப் பார்க்கும்போது இரண்டு கவனம். பொதுப்பிரிவின் எண்ணைப் பார்த்துவிட்டுப் பயப்படக் கூடாது, தன் சமூகப் பிரிவின் எண்ணையும் பார்க்க வேண்டும். அடுத்தது, வினாத்தாள் எளிதாக இருந்த வருடம் எல்லோருடைய கட் ஆஃபும் ஏறிவிடும். போன வருடத்து 158 இந்த வருடம் 163 ஆகலாம். அதனால் ரேங்க் வந்ததும் மதிப்பெண்ணை மறந்துவிட்டு ரேங்கை ரேங்கோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இதை வாயால் சொல்லாதீர்கள், நடத்திக் காட்டுங்கள். பலகையில் எட்டு இடம் எழுதுங்கள், பத்துப் பேருக்கு ரேங்க் சீட்டு கொடுங்கள். ஒவ்வொருவரும் தாளில் சாய்ஸ் எழுதட்டும். ஒன்றாம் ரேங்கிலிருந்து ஒதுக்கிக்கொண்டே வந்து பலகையில் அடியுங்கள். பதினைந்து நிமிடத்தில், மூன்று மட்டும் எழுதிய பையன் வெறுங்கையோடு நிற்பான், பின்னால் இருப்பவர்களெல்லாம் பார்த்துக்கொள்வார்கள்.

ஒதுக்கீடு வந்த பிறகு உறுதி செய்யக் கிடைப்பது ஓரிரு நாள்தான். அதற்கான ஓடிபி எந்த ஃபோனுக்கு வரும்? பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்தில் தன் எண்ணைப் போட்டிருப்பார், அல்லது அப்பாவின் எண், அப்பா லாரியோடு ஆந்திராவில். வீட்டிலேயே இருக்கும் ஃபோன் எண்ணும் பாஸ்வேர்டு எழுதிய நோட்டும் கட்டாயம் என்று சொல்லுங்கள். ‘டிக்ளைன் அண்ட் அப்வேர்டு’ கையிலிருக்கும் இடத்தை விட்டுவிடும் என்பதையும் பலகையில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

தோற்றுவிடுவோமோ என்று பின்பெஞ்சில் இருக்கும் பிள்ளையைப் பற்றி நீங்கள் ஒரு வரி கேட்கவில்லையே டீச்சர். துணைத் தேர்வில் தேறினால் துணைக் கவுன்சலிங் இருக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் ப்ளஸ் டூ முடித்து பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு. இரண்டு வருடத்தில் டிப்ளமோ, அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. மொத்தம் ஐந்து வருடம், நேர்வழியை விட ஒன்றே ஒன்று கூட. நடுவில் பணம் நின்றுபோனாலும் கையில் டிப்ளமோ இருக்கும்.

அந்தத் தனியார் கல்லூரியின் டீ வேண்டாம். பேச்சு முடிந்ததும் ‘ஸ்காலர்ஷிப் ஃபார்ம்’ என்று ஒரு தாள் சுற்றும், அதில் பெயர், மதிப்பெண், அப்பாவின் ஃபோன் எண். மறுநாளிலிருந்து வீட்டுக்கு அழைப்பு, கவுன்சலிங்குக்கு முன்பே ஐயாயிரம் கட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. சில இடங்களில் அசல் டி.சி.யையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பின்னால் கவுன்சலிங்கில் வேறு நல்ல கல்லூரி கிடைத்தால் அந்த டி.சி.க்காக நடையாய் நடக்க வேண்டும். மைக் செட் இல்லாமலே அறுபது பிள்ளைகளுக்கு உங்கள் குரல் எட்டும்.