முதல் எச்ஆர் முதலில் செய்ய வேண்டியது என்ன?

"14 பேர் உள்ள கம்பெனி. முதல் எச்ஆராகச் சேர்ந்திருக்கிறேன். எதுவும் எழுத்தில் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?"

விதிமுறைக் கையேட்டை இப்போது தொடாதீர்கள். யாருக்கு என்ன ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது என்பதே தெரியாமல் எழுதும் விதி, ஏற்கெனவே கொடுத்த வாக்கோடு மோதும்.

முதல் வேலை, ஒரே ஒரு ஊழியர் பட்டியல். சம்பளப் பட்டியல், கையெழுத்தான நியமனக் கடிதங்கள், கம்பெனி மின்னஞ்சல் கணக்குகள் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்து ஆள் ஆளாக ஒப்பிடுங்கள். சம்பளம் வாங்கும் யாராவது ஒருவருக்குக் கடிதம் இருக்காது. வேலையை விட்டுப் போன ஒருவரின் மின்னஞ்சல் இன்னும் திறந்திருக்கும். சேர்ந்த தேதி வேறுபட்டால் அன்றே தீர்த்துவிடுங்கள். தகுதிகாண் காலம், லீவு எல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

அடுத்து, வாய்மொழி வாக்குறுதிகள். "ஆறு மாதத்தில் சம்பளம் கூட்டுகிறேன்" என்று நிறுவனர் யாரிடமாவது சொல்லியிருப்பார். அவரையும் ஊழியரையும் தனித்தனியே கேளுங்கள். இருவர் சொல்வதும் பொருந்தாவிட்டால் தீர்ப்பு சொல்லும் பொறுப்பு உங்களுடையதல்ல. நிறுவனர் முடிவெடுக்கட்டும், முடிவை நீங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

அதிகச் சண்டை வருவது லீவுக் கணக்கில்தான். வருடத்துக்கு 18 நாள், ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஒன்றரை நாள். ஏப்ரல் 1 அன்று சேர்ந்தவருக்குச் செப்டம்பர் 30 வரை 6 மாதம், ஆக 9 நாள். நான்கு நாள்தான் எடுத்தேன் என்கிறார் அவர். பழைய மெசேஜ்களைப் புரட்டினால் ஐந்து. மீதி 4. "செப்டம்பர் 30 நிலவரப்படி உங்கள் மீதி 4 நாள், எடுத்த தேதிகள் கீழே. தவறிருந்தால் ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள். எந்தத் தேதி வரையான கணக்கு என்று எழுதாவிட்டால் அடுத்த மாதமே குழப்பம். ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்ததற்கு ஈடாகத் தருவதாகச் சொன்ன நாள்களையும் இதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவை அவர் ராஜினாமா செய்யும் அன்றுதான் வெளியே வரும். நாள் எண்ணிக்கையை விதியாக்கும் முன், உங்கள் ஊர்ச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தைப் பார்த்துவிடுங்கள். அதற்குக் கீழே போக முடியாது.

இவை முடிந்த பிறகு சம்பளத்துக்கு ஒரு கெடு வையுங்கள். மாதக் கடைசியில் சம்பளம் என்றால், புதியவர், விலகியவர், சம்பளமில்லா லீவு எல்லாம் 20-ஆம் தேதிக்குள் உங்களிடம் வர வேண்டும். அதன்பின் வருவது அடுத்த மாதத்துக்குப் போகும். நிறுவனரிடம் ஒப்புதல் கேட்கும்போது 14 வரிகளையும் நீட்டினால் படிக்காமலே சரி என்பார். போன மாதத்திலிருந்து மாறிய வரிகளை மட்டும் காரணத்தோடு காட்டுங்கள். மாறியிருக்க வேண்டிய ஒருவர் அதில் இல்லையென்றால், நிறுவனர் கண்ணில் அது உடனே படும்.