ஸ்லம்ப் சரியாக இருந்தும் கியூப் ஏன் தோற்கிறது?

கேள்வி: எம்25 கான்கிரீட்டில் ஸ்லம்ப் 100 மி.மீ. சரியாக வந்தது. ஆனால் 28 நாள் கியூப் முடிவு குறைந்துவிட்டது. எங்கே தவறு?

ஸ்லம்ப் என்பது 300 மி.மீ. உயரக் கூம்பைத் தூக்கியதும் கான்கிரீட் எவ்வளவு கீழே அமர்கிறது என்ற அளவு. 200 மி.மீ. உயரம் நின்றால் ஸ்லம்ப் 100. இட்லி மாவா, தோசை மாவா என்று கரண்டியில் ஊற்றிப் பார்ப்பதைப் போல இது இளக்கத்தை மட்டுமே சொல்லும். கூம்பைச் சாய்க்காமல், திருகாமல், நேராகத் தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரிந்தால் அந்த அளவை விட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள்.

கியூப் என்பது கான்கிரீட்டைக் கனசதுரமாக வார்த்து, பிறகு நசுக்கிப் பார்க்கும் சோதனைக் கட்டி. அது சொல்வது வலிமையை. 150 மி.மீ. அச்சில் மூன்று அடுக்காகப் போட்டு, அடுக்குக்கு 35 முறை 16 மி.மீ. கம்பியால் குத்த வேண்டும். குத்துவது குறைந்தால் உள்ளே காற்று தங்கும். காற்று நூற்றுக்கு ஒரு பங்கு கூடினாலே வலிமை ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். அச்சைப் பிரித்ததும் பக்கங்களில் தேன்கூடு போலத் துளைகள் தெரிந்தால் காரணம் இதுதான்.

முதல் 24 மணி நேரம் ஈரச் சாக்கு மூடி, அதிராமல், நிழலில் வையுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான கியூப்கள் கெடுவது இங்கேதான். வெயிலில், மிக்சர் பக்கத்திலேயே கிடக்கும். பிறகு சோதனை நாள்வரை சுத்தமான தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீருடன் வினைபுரிந்தே இறுகுகிறது.

கியூப் தேறினால் தூணும் தேறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கியூப் காட்டுவது வந்த கலவையின் தரத்தை மட்டுமே, தூணில் வைப்ரேட்டர் ஓடியதா, வார்த்த பிறகு அது இறுகத் தண்ணீர் விட்டார்களா என்பதை அல்ல.