சொல் நிற்கும் இடத்தில் தத்தகாரம்

அன்புள்ள ஐயா,
மெட்டுக்கு எழுதிய என் முதல் பாடலை முடித்து இணைத்துள்ளேன். வெளியூர் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். பல்லவி ஒன்று, சரணம் இரண்டு. "சொல் அதிகம், விஷயம் குறைவு" என்கிறார் நண்பர். ஆனால் ஒரு சொல்லை எடுத்தாலும் சந்தம் இடிக்கிறது. எதை நீக்குவது? இசையமைப்பாளர்களுக்கு எப்படி அனுப்புவது?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அனுப்புவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். பாடல் இன்னும் முடியவில்லை. சந்தத்தைச் சாக்காக வைத்து வெற்றுச்சொற்களைக் காப்பாற்றும் பழக்கம் சில நாட்களாகவே என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதமும் அதையே செய்கிறது.

எனக்குப் பாட்டெழுதக் கற்றுத்தந்த பெரியவர் தாளைக் கையில் வாங்கமாட்டார், பாடத்தான் சொல்வார். ஐயமான சொல் வந்தால் நிறுத்தி, அந்த இடத்தில் தத்தகாரத்தைப் போட்டு மறுபடி பாடச் சொல்வார். பொருள் குறையவில்லையென்றால் அந்தச் சொல் போக வேண்டும். உங்கள் முதல் சரணம் இப்படித் தொடங்குகிறது:

அந்த வானில் ஒரு நிலவு வந்தது

"தன்ன தானன் தன நிலவு வந்தது" என்று பாடினாலும் கேட்பவருக்கு எதுவும் குறையாது. நிலவு வேறெங்கே வரும்? எந்த வானம் என்று யாரும் கேட்காதபோது 'அந்த' எதற்கு? வெறுமனே நீக்கினால் மெட்டு இடிக்கும் என்பது உண்மைதான். ஆகவே ஏறத்தாழ அதே குறில் நெடில் அளவில் பொருளுள்ள சொற்களை அங்கே அமர்த்த வேண்டும்.

கூரை ஓட்டை வழி நிலவு வந்தது

சந்தம் அப்படியே நிற்கிறது. கூரையைச் சீர்செய்ய ஆளில்லாத வீடு என்பதும் தெரிந்துவிடுகிறது. 'கூரை'யின் ஈறு குறுகி ஒலிக்கும், 'ஓட்டை'யின் ஈற்றைச் சற்று நீட்ட வேண்டும். இதையெல்லாம் பாடித்தான் தீர்மானிக்க முடியும்.

அதற்காகச் சின்னச் சொற்களையெல்லாம் வெட்டித் தள்ளிவிடாதீர்கள். பல்லவியில் "நீதானே சொன்னாய்" என்னும்போது 'தானே' குற்றம் சாட்டுகிறது. அங்கே தத்தகாரம் போட்டால் அவளுடைய கோபமே போய்விடும். "உன்னைத்தானே தேடித் தேடி" என்பதில் அதே சொல் இடத்தை மட்டும் நிரப்புகிறது. அவள் வேறு யாரைத் தேடப் போகிறாள்?

இவற்றைவிடப் பெரிய குறை இரண்டாம் சரணம். நிலவு வந்தது, நினைவு வந்தது என்று முதல் சரணம் சொல்லிவிட்டது. தென்றல் வந்தது, நினைவு வந்தது என்கிறது இது. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' ஒன்று. நிலவை எடுத்துவிட்டுத் தென்றலை வைத்தால் அது தீர்ந்துவிடாது. பல்லவி திரும்ப வரலாம், வரத்தான் வேண்டும்; ஆனால் இடையில் ஏதாவது நடந்திருந்தால்தான் இரண்டாம் முறை அது வேறாக ஒலிக்கும். ஒவ்வொரு சரணத்தையும் உரைநடையில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும், அந்தச் சரணத்தின் மூன்றாம் வரியில் வாசலில் நிற்காமல் போகும் தபால்காரர் ஒருவரை நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். அவரை ஒரே வரியில் அனுப்பிவிட்டு மறுபடி தென்றலுக்குப் போக உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தென்றல் வரிகளை முழுவதும் அடித்துவிடுங்கள். தபால்காரரை முதல் வரிக்குக் கொண்டுவந்து, அவர் தெருமுனையைத் திரும்பும் வரை அவள் என்ன செய்தாள் என்று மற்ற வரிகளில் எழுதுங்கள்.